கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

என் சித்தப்பாவின் இடது கை முதன்முதலில் அவரை ஏமாற்றியது, அவர் வலை பொத்திக்கொண்டிருந்தபோது. திருக்கடலூர்க் கரையில் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த கண்ணியை இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தார். பிடித்த நூல் நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. யாரோ ஒருவரின் விரல்களைப் பார்ப்பதுபோல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. “இரவெல்லாம் ஈரத்தில் கிடந்த கை, விறைத்துவிட்டது” என்று சொல்லி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பக்கத்தில் இருந்த நாங்கள் யாரும், நான் உட்பட, அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவருக்குப் பாரிசவாதம் வந்தது.

பக்கவாதம் என்றும் பாரிசவாதம் என்றும் நாம் சொல்லும் இந்த வருத்தம் கை காலில் தெரிந்தாலும், நடப்பது மூளையில். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் அல்லது வெடித்தால், அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி வேலை செய்யாமல் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பது அடைப்புத்தான். மூளையின் வலது பக்கம் உடம்பின் இடது பக்கத்தை ஆளுகிறது, இடது பக்கம் வலது உடம்பை ஆளுகிறது. சித்தப்பாவின் இடது கை நழுவியது என்றால், பழுது அவருடைய வலது மூளைக்குப் போகும் வழியில் இருந்தது என்று பொருள்.

புகை கழுத்தில் செய்யும் வேலை

தாடைக்குக் கீழே, தொண்டைக்குப் பக்கத்தில் விரலை மெதுவாக வைத்தால் ஒரு துடிப்புத் தெரியும். அது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். தாடையின் மூலைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஆறு கிளை பிரியும் இடத்தில் நீர் சுழன்று மண் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தமும் இந்தப் பிரிவில் சுழல்கிறது. கொழுப்புப் படிவதற்கு உடம்பில் வாகான இடங்களில் இதுவும் ஒன்று.

நல்ல குழாயின் உட்சுவர் வழுவழுப்பானது. இரத்தம் ஒட்டாமல் ஓடுவதற்கும், தேவைப்படும்போது குழாய் விரிந்துகொடுப்பதற்கும் வேண்டிய பொருட்களை அந்தச் சுவரே சுரக்கிறது. சிகரெட்டோ பீடியோ சுருட்டோ, எரிந்து வரும் புகையில் உள்ள நச்சுப் பொருட்கள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து இந்தச் சுவரைப் புண்ணாக்குகின்றன. புண்ணான இடத்துக்குள் கொழுப்பு இறங்குகிறது. அதன்மேல் மூடி கட்டுகிறது, மறுபடி கொழுப்பு இறங்குகிறது. இது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. வலி இல்லை, வெளியில் எந்த அடையாளமும் இல்லை.

இன்னொரு வேலையோ அன்றன்றைக்கே நடக்கிறது. நம் இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் என்ற மிக நுண்ணிய துணுக்குகள் உண்டு. விரலில் கத்தி பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை நிறுத்துபவை இவைதான். புகை பட்டதும் இவை காரணமில்லாமலே ஒட்டும் குணம் பெறுகின்றன. நிகோடின் குழாயைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனொட்சைட், ஒட்சிசன் ஏறிப்போக வேண்டிய இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் கட்டிய கொழுப்பு மேட்டின் மூடி, ஏறிய அழுத்தத்தில் ஒரு நாள் பிளக்கிறது. அந்தப் பிளவைக் காயம் என்று நினைத்து, ஏற்கெனவே ஒட்டும் குணத்தோடு இருக்கும் சிறுதட்டுகள் அங்கே கூடிக் கட்டியாகின்றன. கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து இரத்தத்தோடு மேலே போகிறது. குழாய்கள் போகப் போக ஒடுங்குகின்றன. எங்கே சிக்குகிறதோ, அங்கே அடைப்பு.

புகைப்பவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. உயர் இரத்த அழுத்தமோ சீனி வருத்தமோ சேர்ந்தால் இன்னும் ஏறுகிறது. சித்தப்பாவுக்கு 54 வயது. பதினெட்டு வயதில் பழகியது, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. பிரஷர் குளிசையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள், கடலுக்குப் போகும் நாட்களில் போடமாட்டார்.

“நான் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான்” என்று சொல்பவர்கள் அதிகம். கடையில் ஒன்று ஒன்றாக வாங்கிப் பிளேன்ரீயோடு குடிப்பவர்கள் தங்களைப் புகைப்பவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 2018இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 141 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. நாளுக்கு 20 சிகரெட் குடிப்பவருக்குக் கூடும் பாரிசவாத ஆபத்தை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் குடிப்பவருக்கு ஒரு ரூபாய்தானே கூட வேண்டும்? அந்தப் பகுப்பாய்வின்படி கூடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது பெண்களுக்கு ஏறத்தாழ 7 ரூபாய், ஆண்களுக்கு ஏறத்தாழ 8 ரூபாய். சிறுதட்டுகளை ஒட்டவைக்க நிறையப் புகை தேவையில்லை என்பது இதற்கு ஒரு காரணம். அதனாலேயே, குடிக்காமல் பக்கத்தில் இருந்து அந்தப் புகையைச் சுவாசிக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்கூட ஆபத்து ஏறுகிறது. புகைப்பதைக் குறைப்பது நிறுத்துவதற்கான படியாக இருந்தால் நல்லது. குறைத்துவிட்டோம் என்று அங்கேயே நின்றுவிட்டால், இந்த வருத்தத்தைப் பொறுத்தவரை பெரிய பாதுகாப்பு இல்லை.

பத்து நிமிடத்தில் சரியானது ஏன் ஆபத்து

வலை பொத்தும்போது சித்தப்பாவுக்கு வந்ததும் இதேதான், சிறிய அளவில். ஒரு சின்னக் கட்டி மேலே போய் அடைத்தது. உடம்பு அதைக் கரைத்துவிட்டது, கை திரும்பி வந்தது. வைத்தியர்கள் இதைத் தற்காலிகப் பாரிசவாதம் என்பார்கள். சிலருக்குக் கைக்குப் பதில் ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டி, சில நிமிடங்களில் வெளிக்கும். கண்ணுக்குப் போகும் கிளையும் கழுத்துக் குழாயிலிருந்துதான் பிரிகிறது. சிலருக்குப் பேச்சுக் குழறித் தெளியும்.

சரியாகிவிட்டது என்பதுதான் இதில் நம்மை ஏமாற்றும் இடம். கட்டி கரைந்ததே தவிர, அதை அனுப்பிய பிளவு கழுத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த துண்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். முதல் இரண்டு நாட்களில் ஆபத்து மிக அதிகம், அடுத்த சில வாரங்களுக்கும் அது நீடிக்கிறது. இது கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கும் விடயம் இல்லை. கை சரியாகிவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கழுத்துக் குழாயைப் பார்க்கவும், இரத்தம் கட்டாமல் இருக்க மருந்து தொடங்கவும் கிடைக்கும் அருமையான வாய்ப்பு அது. சித்தப்பாவுக்குக் கிடைத்த ஒன்பது நாட்களை நாங்கள் வீணாக்கினோம்.

அந்த நாள், மணிக்கூட்டின்படி

விடியற்காலை கரைக்கு வந்தார். மீனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, 9 மணிக்குப் படுத்தார். 12.10க்கு எழுந்தபோது கட்டிலிலிருந்து சரிந்தார். சித்தி ஓடிப்போய்த் தூக்கினார். வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது, பேச்சுக் குழறியது. இடது கையைத் தூக்கச் சொன்னபோது வலது கையைத் தூக்கிக் காட்டி, “எனக்கு ஒன்றும் இல்லை, களைப்பு” என்றார்.

இந்த ஒரு வாசகம் பல குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது. வலது மூளை பழுதானால், தன் இடது பக்கம் வேலை செய்யவில்லை என்பதே சிலருக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை, வீம்பும் இல்லை. கை விழுந்ததை உணர்த்த வேண்டிய இடமே பழுதாகியிருக்கிறது. பாரிசவாதத்தில் பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. வலி இல்லாததால், அவரே வேண்டாம் என்று சொல்வதால், பலரும் படுக்கவைத்துவிட்டு மாலை வரை பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் எண்ணெய் காய்ச்சினார், ஒருவர் கை காலைத் தேய்த்தார். 12.45க்குத்தான் மச்சாள் 1990க்கு அழைத்தாள். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய், வைத்தியசாலையில் இறக்கியபோது 1.20. அங்கே வைத்தியர் கேட்ட முதற் கேள்வி எங்களைத் திணறவைத்தது.

“எத்தனை மணிக்குத் தொடங்கியது?”

“12.10க்கு” என்றார் சித்தி.

“அது நீங்கள் கண்ட நேரம். அதற்கு முன் அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது யார், எப்போது?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. இரத்த நாளத்தின் வழியாக ஏற்றுவார்கள். தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. நேரம் போகப் போகப் பயன் குறைந்து, மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடுகிறது. தூக்கத்தில் வந்தால் தொடங்கிய நேரம் யாருக்கும் தெரியாது. அப்போது, நன்றாக இருந்ததாக உறுதியாகத் தெரிந்த கடைசி நேரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்கும். 9 மணிக்குப் படுத்தவர் என்றால் எல்லை பகல் 1.30. நாங்கள் போய்ச் சேர்ந்ததே 1.20க்கு. ஸ்கான் எடுக்கவே நேரம் போதாது.

அப்போதுதான் மச்சாளுக்கு நினைவு வந்தது. இடையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்டு அவரை எழுப்பியிருக்கிறாள். அவர் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து, இடது கையில் பிடித்து வலது கையால் எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு பகிடியும் விட்டுவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். அப்போது வானொலியில் என்ன போனது என்று யோசித்து நேரத்தைச் சொன்னாள்: 10.40. எல்லை 3.10க்குத் தள்ளிப்போனது. சி.டி. ஸ்கான் எடுத்தார்கள், இரத்தக் கசிவு இல்லை. 2.20க்கு மருந்து ஏறியது.

இந்த மருந்து எல்லோரையும் பழையபடி எழுப்பிவிடாது. சிலருக்கு நன்றாகக் கைகொடுக்கும், சிலருக்குப் பயன் தெரியாது. கசிவு வந்து மோசமாவதும் உண்டு. எல்லா வைத்தியசாலைகளிலும் சி.டி. ஸ்கானும் இந்த மருந்தும் இருப்பதில்லை. எனவே 1990க்கு அழைக்கும்போதே “பாரிசவாதம் என்று நினைக்கிறோம், கடைசியாக நன்றாகப் பார்த்தது இத்தனை மணிக்கு” என்று சொல்லிவிடுங்கள். ஆட்டோ பிடித்துக் கிட்ட இருக்கும் சிறிய வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்பப்பட்டு, ஒன்றரை மணித்தியாலத்தை வழியில் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

அவசரம் எதற்கு என்பதை வயலைக் கொண்டு விளக்கலாம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்து வயலில் ஒரு வாய்க்கால் அடைபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பிய நடுப்பாத்தி முதலில் காய்ந்துபோகும். சுற்றியுள்ள பாத்திகள் பக்கத்து வாய்க்காலின் கசிவில் வாடியபடி உயிரோடு இருக்கும். மூளையிலும் அப்படித்தான். நடுப்பகுதி சில நிமிடங்களில் போய்விடுகிறது. சுற்றியுள்ள பகுதி வேலை செய்யாது, ஆனால் இன்னும் சாகவில்லை. சிகிச்சை காப்பாற்றப் பார்ப்பது அந்த வாடிய பகுதியைத்தான். பெரிய குழாய் அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணெய் காய்ச்சிய 35 நிமிடங்களை நான் இன்றைக்கும் மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறேன்.

வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது

முதலில் முகம். சிரிக்கச் சொல்வதைவிடப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரத்துக்கு வரும் கோடு ஒரு பக்கம் மறைந்திருக்கும், அந்தப் பக்க உதடு ஏறாது. குளிர்காற்று அடித்து வாய் கோணியது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அதைப் பிரித்தறிவது வைத்தியர் வேலை.

அடுத்தது கை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். பலம் குறைந்த கை தானாகக் கீழே இறங்கும், அல்லது உள்ளங்கை மெல்லக் கவிழும். முற்றாக விழ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெல்ல இறங்கினாலே போதும்.

பேச்சு. “வள்ளம் கரைக்கு வந்துவிட்டது” போன்ற எளிய வசனம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உச்சரிப்புச் சுத்தத்தைப் பார்க்க வேண்டாம், அவர் வழக்கமாகப் பேசுவதோடு ஒப்பிடுங்கள். குழறல் மட்டுமல்ல, சிலர் சரளமாகவே பேசுவார்கள், ஆனால் சொற்கள் தொடர்பில்லாமல் வரும். சிலருக்கு நாம் சொல்வது விளங்காது. இவர்களைக் குடித்திருக்கிறார் என்று நினைத்துப் படுக்கவைத்துவிடும் வீடுகள் நம் கரையில் குறைவில்லை. உண்மையிலேயே குடித்திருந்தாலும், ஒரு பக்கக் கை இறங்கினால் அது குடியின் வேலை இல்லை.

நடையில் திடீர்த் தள்ளாட்டமும், திடீரென்று பார்வை போவதும் அல்லது இரட்டையாகத் தெரிவதும் இதே வரிசையில் சேரும். திடீர் என்ற சொல்தான் இங்கே முக்கியம். இவற்றில் ஒன்று இருந்தாலே அழைக்க வேண்டும், மூன்றும் சேரும்வரை நிற்கக் கூடாது.

அம்புலன்ஸ் வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. விழுங்கும் தசை பழுதாகியிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். அஸ்பிரின் வேண்டாம். அடைப்பா வெடிப்பா என்று ஸ்கான் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது, வெடிப்பு என்றால் அஸ்பிரின் கேடு. அழுத்தம் ஏறியிருக்கிறதென்று பிரஷர் குளிசை கொடுக்கவும் வேண்டாம். வாடிய பாத்திக்குக் கசியும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த அழுத்தமாகவும் இருக்கலாம். விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. சத்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். அவர் போடும் குளிசைகளைப் பையோடு எடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், சீனி மிகவும் இறங்கினாலும் இதே போலத் தோன்றும்.

வெடிப்பு வகையில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூளையைச் சுற்றியுள்ள குழாயில் சிலருக்குச் சிறு குமிழ்போல் ஒரு வீக்கம் இருக்கும். புகை அந்தச் சுவரையும் பலவீனமாக்குகிறது. அது வெடிக்கும்போது கை கால் விழாமலும் இருக்கலாம், ஆனால் வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் உச்சத்துக்கு வரும். சத்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் தொடரலாம். பனடோல் போட்டுப் பார்க்கும் தலைவலி அல்ல இது. இதற்கும் 1990தான்.

சித்தப்பாவின் கழுத்தை ஸ்கான் செய்தபோது வலது குழாய் ஒடுங்கியிருந்தது. வார்டில் இருந்த நாட்களோடு சிகரெட்டை விட்டார். விட்ட சில நாட்களில் கார்பன் மோனொட்சைட் இரத்தத்திலிருந்து போய்விடுகிறது, சில வாரங்களில் சிறுதட்டுகளின் ஒட்டும் குணமும் தணிகிறது. பாரிசவாத ஆபத்து இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கணிசமாக இறங்குகிறது. ஆனால் கட்டிய கொழுப்பு அப்படியே கரைந்துவிடாது, அதனால் குளிசைகள் தொடர்கின்றன. இப்போது கடலுக்குப் போகும் பையிலும் அவை இருக்கின்றன.

வலை பொத்துகிறார். இடது விரல்கள் முன்னைப்போல் வேகமில்லை. நூல் நழுவினால் சித்தி முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறார், பிறகு மணிக்கூட்டைப் பார்க்கிறார்.